செக்கு வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் நெல்லிக்குப்பம். பி.காம். முடித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. எழுதிய தேர்வுகளிலும் போன நேர்காணல்களிலும் ஒன்றும் அமையவில்லை. அப்பாவிடம் 1,20,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய்க்கு நல்ல கிராக்கி என்கிறார்கள். மீதிக்குக் கடன் வாங்கி ஒரு செக்கு இயந்திரம் போடலாமா? வேறு யோசனை இருந்தாலும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள தம்பி,

எண்ணெய் வியாபாரம் செய்யலாம். இயந்திரம் இப்போது வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் என் மைத்துனர் செக்கு வைத்திருந்தபோது நான்கு வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்த நோட்டை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் ஊரைச் சுற்றிக் கூலிக்கு ஆட்டித் தரும் செக்குகள் இருக்கும். 50 கிலோ நிலக்கடலைப் பருப்பை வாங்கி அங்கே கொடுங்கள். நல்ல பருப்பு என்றால் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் வரும். அளந்தால் 22 லிட்டர். தெளியவைத்து மண்டியைக் கழித்தால் 21 லிட்டர் நிற்கும். புண்ணாக்கு 28 கிலோ. மிச்சம் சேதாரம்.

விலைகளை உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். நான் ஒரு மாதிரிக்குப் போடுகிறேன். பருப்பு கிலோ 120 என்றால் 6,000 ரூபாய். ஆட்டுக்கூலி கிலோவுக்கு 12 வீதம் 600, பாட்டில் 250, வண்டி 300. மொத்தம் 7,150. எண்ணெயை லிட்டர் 320-க்கு விற்றால் வருவது 6,720தான். ஆம், நட்டம். புண்ணாக்கைக் கிலோ 45-க்கு விற்றால் 1,260 சேர்ந்து, கையில் 830 ரூபாய் மிஞ்சும். எண்ணெய் போட்ட பணத்தில் பெரும்பங்கைத் திருப்பித் தரும். லாபம் புண்ணாக்கில்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் இறங்கியவர்கள்தான் ஆறே மாதத்தில் கடையைச் சாத்துகிறார்கள்.

சில செக்குக்காரர்கள், "கூலி வேண்டாம் தம்பி, புண்ணாக்கை விட்டுவிட்டுப் போ" என்று அன்பாகச் சொல்வார்கள். 600 ரூபாய்க்கு 1,260 ரூபாய்ச் சரக்கு! அப்படி விட்டுவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 170 ரூபாய். ஆகவே எண்ணெய்க்கு ஆள் தேடுவதற்கு முன்னால், மாடு வைத்திருக்கும் பத்து வீடுகளைப் பேசி வையுங்கள். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கூடுதலாக இருக்கும் என்பது பால்காரர்களுக்குத் தெரியும், மறுக்கமாட்டார்கள்.

வாரம் 150 கிலோ ஆட்டினால் வண்டிக்கு 500 போக, 2,900 அளவில் நிற்கும். மாதம் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம். ஆனால் அதற்கு மாதம் 250 லிட்டர் விற்றாக வேண்டும். ஒரு குடும்பம் மூன்று லிட்டர் வாங்கும் என்றால் 80 வீடுகளுக்கு மேல் வேண்டும். கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் அந்த வீடுகளைப் பிடிப்பதுதான் தொழில். செக்கு சுற்றுவது சுலபமான பகுதி. உணவகங்களுக்குக் கடனில் கொடுக்காதீர்கள். ஒரு மெஸ்ஸுக்கு நாங்கள் மூன்று மாதம் கொடுத்தோம். கடைசித் தவணையைக் கேட்கப் போனபோது அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

பருப்பு வாங்குவதில்தான் கண் வேண்டும். மூட்டையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் 'டக்' என்று பிளக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, எண்ணெய் குறையும், கலங்கலாகவும் வரும். வாயில் போட்டுக் காறல் தட்டினால் பழைய சரக்கு. கறுத்தது, பச்சை பூத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் உட்கார்ந்து பொறுக்கி எறியுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் அதிலும் கொஞ்சம் இறங்கும். பெரும்பங்கு புண்ணாக்கோடு மாட்டுக்குப் போய், பாலிலும் தலைகாட்டும்.

ஆட்டிய எண்ணெயை அகன்ற பாத்திரத்தில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் அடியில் மண்டி தங்கிச் சீக்கிரம் வாடை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை அதிகம். அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ஆட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவை foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே செய்யலாம். தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் 40,000 ரூபாய் சுழன்றால் போதும். மீதியை அப்பாவிடமே விட்டுவையுங்கள். வாரம் 150 கிலோ தொடர்ந்து ஆறு மாதம் ஓடினால், ஆட்டுக்கூலியாக மட்டும் மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கூலிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். சொந்தச் செக்கு போட, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடனோடு மானியம் உண்டு. ஆனால் அது கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்துவிட்டுத்தான் கடனில் கழியும். அதுவரை தவணை உங்கள் தலையில். செக்கு விற்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

முதல் 50 கிலோவை ஆட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எண்ணெயையும் புண்ணாக்கையும் நீங்களே தராசில் போட்டு எடை பாருங்கள். இரண்டும் சேர்ந்து 47 கிலோவுக்குக் குறைந்தால் அடுத்த முறை வேறு செக்குக்குப் போங்கள்.