அறுபது நாள் காத்திருந்தும் ஒரே ஒரு தகவல்

வணக்கம் ஐயா. தினமும் காலையில் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் படிக்கப் போகிறேன். புள்ளியியல் பாடத்துக்காக, ஜெட்டியில் எத்தனை நிமிடம் காத்திருந்தேன் என்று 60 நாள் குறித்து வைத்தேன். சராசரி 6.5 நிமிடம். அதை இரட்டித்து, 13 நிமிடத்துக்கு ஒரு பெர்ரி என்று எழுதிக்கொடுத்தேன். எனக்குப் பிறகு வரும் தோழியும் 60 நாள் குறித்தாள். அவளுக்கு 31 வந்தது. விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இந்த முறை அன்பயஸ்ட்தான், ஆனால் கன்ஸிஸ்டென்ட் இல்லை" என்றார். பயஸ் இல்லையென்றால், தகவல் கூடக்கூட உண்மையை நெருங்கத்தானே வேண்டும்? இதற்கு நேர்மாறாகவும் நடக்குமா?
க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி. உங்களிடம் இருக்கும் தகவலே அதற்கு நல்ல உதாரணம்.

இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்வோம். சாய்வற்றது, அதாவது அன்பயஸ்ட், என்று சொல்லும்போது நாம் ஒரே சமயத்தில் பல பேரைப் பார்க்கிறோம். ஆளுக்கு 60 நாள் குறித்து, ஆளுக்கு ஒரு விடை கொடுக்கிறார்கள். எல்லா விடைகளின் சராசரியும் உண்மையான எண்ணாக இருந்தால் அந்த முறை சாய்வற்றது. தனி ஆள் ஒருவரின் விடை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது இதில் வருவதே இல்லை. இசைவானது, அதாவது கன்ஸிஸ்டென்ட், என்று சொல்லும்போது ஒரே ஒருவரைப் பின்தொடர்கிறோம். அவர் 60 நாள், 600 நாள், 6000 நாள் என்று குறித்துக்கொண்டே போனால், அவருடைய விடை உண்மையை விட்டு விலகி நிற்கும் வாய்ப்பு பூஜ்யத்தை நோக்கிக் குறைய வேண்டும்.

பெர்ரி சரியாக 20 நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெட்டிக்கு ஏதோ ஒரு நேரத்தில் வருபவரின் காத்திருப்பு 0 முதல் 20 நிமிடம் வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. சராசரி 10. அதனால் இரட்டித்தால் 20 என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் நீங்கள் 'ஏதோ ஒரு நேரத்தில்' வரவில்லை. தினமும் ஒரே நேரத்துக்கு வந்தீர்கள், பெர்ரியும் தன் நேரத்துக்கு வந்தது. ஆகவே முதல் நாள் ஆறரை நிமிடம் என்றால் அறுபதாம் நாளும் ஏறக்குறைய அதேதான். உங்கள் குறிப்பேட்டில் 60 எண்கள் இருந்தாலும், தகவல் என்று பார்த்தால் ஒன்றுதான். தோழிக்கும் அப்படியே: அவருடைய வழக்கமான நேரத்துக்குப் பதினைந்தரை நிமிடம், இரட்டித்தால் 31.

உங்களைப் போல ஆயிரம் பேர், ஆளுக்கொரு வழக்கமான நேரத்தில் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய விடைகள் 0 முதல் 40 வரை பரவிக் கிடக்கும், சராசரி 20. சாய்வு இல்லை. ஆனால் 19க்கும் 21க்கும் இடையில் விடை வர வேண்டுமென்றால் காத்திருப்பு ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் விழ வேண்டும். அதற்கு 20ல் ஒரு வாய்ப்பு. ஒரு வருடம் குறித்தாலும் அதே 20ல் ஒன்றுதான். சாய்வின்மை அப்படியே இருக்கிறது, இசைவு துளியும் இல்லை.

பாடப்புத்தகங்கள் இதற்கு, 'முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப்போடும் மதிப்பீடு' என்று ஓர் உதாரணம் தரும். அப்படி யார் செய்வார்கள் என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். தெரிந்து யாரும் செய்வதில்லை. தெரியாமல் செய்வது இப்படித்தான், எல்லா எண்களையும் கூட்டி, சராசரியும் எடுத்து. கண்டுபிடிக்க வழி உண்டு. குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். எண்கள் 0 முதல் 20 வரை பரவாமல் 5, 6, 7, 8 என்று ஓரிடத்தில் குவிந்திருந்தால், சம வாய்ப்பு என்ற அனுமானம் உங்கள் தகவலுக்குப் பொருந்தவில்லை. அத்தனை நெருக்கமான எண்களைப் பார்த்ததும் 'எவ்வளவு துல்லியம்' என்று தோன்றும். இங்கே அதுதான் அபாய அறிகுறி.

சரி, நேர்மாறுக்கு வருவோம். இப்போது ஒருவர் உண்மையிலேயே கண்டபடி நேரங்களில் ஜெட்டிக்குப் போகிறார். ஐந்து நாள் காத்திருப்பு 7, 16, 3, 12, 18 நிமிடம். சராசரி 11.2, இரட்டித்தால் 22.4. அவர் இரட்டிக்காமல், "இருப்பதிலேயே பெரிய எண்ணைச் சொல்கிறேன், 18" என்கிறார். இது சாய்வுள்ள மதிப்பீடு, சந்தேகமே இல்லை. காத்திருப்பு 20ஐத் தாண்டவே முடியாது, ஆகவே பெரிய எண் எப்போதும் குறைத்தே சொல்லும். ஐந்து நாளுக்கு அதன் சராசரி 20ல் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 16.7. ஆனால் நாள் கூடும்போது நடப்பதைப் பாருங்கள். பெரிய எண் 19க்குக் கீழேயே நின்றுவிட வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் 19க்குக் கீழே விழ வேண்டும். அதன் வாய்ப்பு 0.95ஐ அத்தனை முறை பெருக்கியது: ஐந்து நாளுக்கு 77 சதவீதம், 20 நாளுக்கு 36, 60 நாளுக்கு 5க்கும் கீழே. 60 நாளில் சராசரியாக 20 விநாடிதான் குறைத்துச் சொல்லும். சாய்வு உண்டு, இசைவும் உண்டு.

அந்தச் சாய்வையும் நீக்கலாம். ஐந்து நாளுக்கு 18ஐ ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 21.6. இது இரண்டு குணமும் உள்ளது. இரட்டித்த சராசரிக்கும் இரண்டும் உண்டு, ஆனால் நான் அதை நம்ப மாட்டேன். காத்திருப்பு 1, 2, 3, 2, 17 என்று வந்தால் சராசரி 5, விடை 10. 17 நிமிடம் நின்றவரிடம் 10 நிமிடத்துக்கு ஒரு பெர்ரி என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து கேட்பீர்கள்: இசைவு இருந்தால் சாய்வு கடைசியில் மறைந்தே தீருமா? இல்லை. பெர்ரியில் எத்தனை பேருக்கு ஒருவர் சுற்றுலாப் பயணி என்று தெரிய வேண்டும். 100 பேரைக் கேட்கிறீர்கள், 10 பேர் ஆமாம் என்கிறார்கள், 100ஐ 10ஆல் வகுத்து 'பத்துக்கு ஒருவர்' என்கிறீர்கள். இந்த முறை இசைவானது, ஆள் கூடக்கூட உண்மைக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லாமல் போகலாம். உண்மை பத்துக்கு ஒன்றாக இருந்தால் 100 பேரில் அப்படி நடப்பது லட்சத்தில் மூன்று முறைகூட இல்லை. நடந்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும், விடை முடிவிலி. சராசரியில் முடிவிலி ஒரு துளி கலந்தாலும் முழுச் சராசரியும் முடிவிலிதான். பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் அந்தத் துளி இன்னும் சிறிதாகுமே தவிர இல்லாமல் போகாது. 10ஐ 100ஆல் வகுத்து 'பத்து சதவீதம்' என்று சொல்லியிருந்தால் துளிகூடச் சாய்வில்லை. அதே தகவலைத் தலைகீழாகச் சொன்னதும் சாய்வின்மை போய்விட்டது, இசைவு மட்டும் நிலைத்தது.

உங்கள் பாடத்துக்கு இன்னும் அவகாசம் இருந்தால், பத்து நாள் மட்டும் மறுபடியும் குறியுங்கள். தினமும் சீட்டுக் குலுக்கி, அதில் வரும் நிமிடத்துக்கு ஜெட்டியில் இருங்கள். பெரிய எண்ணை 11ஆல் பெருக்கி 10ஆல் வகுங்கள். பெர்ரி சீரான இடைவெளியில் கிளம்பும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கூட்ட நேரத்தில் ஓர் இடைவெளி, மற்ற நேரத்தில் வேறு என்றால், பெரிய எண் மிக நீண்ட இடைவெளியை நோக்கித்தான் போகும்.