மீன் விலை ஆடியோவுக்கு எங்கே கட் வைப்பது?

"12 விநாடி ஆடியோ, அதுக்கு வாயசைச்சு நானும் மைனியும் நடிச்சோம். உதடு சரியா ஒட்டுது, ஆனா சிரிப்பே வரல. எங்க கட் பண்ணணும்?"

நீங்கள் ஒவ்வொருவர் பேசி முடித்த பிறகு கட் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சிரிப்பு அங்கேதான் செத்துப்போகிறது. "இந்தச் சாளைக்கா இவ்வளவு வெல?" என்பதில் "வெல" காதில் விழும்போதே மீன்காரியாக நடிக்கும் மைனி முகத்துக்குப் போய்விடுங்கள், குரல் பின்னால் ஓடட்டும். அடுத்து வரும் அரை விநாடி மௌனத்தில் மைனி வாயைத் திறக்காமல் உங்கள் கையிலுள்ள சாளையை வாங்கிக் கூடையில் திரும்பப் போடட்டும், அப்புறம்தான் "நெய்மீன்னு நெனச்சுக்கோ மக்கா". முகம் மாறுவது சொல்லுக்கு ஒரு கணம் முந்தணும், சொல்லோடு சேர்ந்து மாறினால் ஒப்பிப்பது போலிருக்கும்.

சாளை முதல் வரியில் உங்கள் கையில்தான் இருக்கணும், "சாளைக்கா" என்னும்போது வாலைப் பிடித்துத் தூக்குங்கள். (நிஜ மீன் வேண்டாம், நாலாவது டேக்கில் நாறும். அட்டை போதும்.)

உதடு ஒட்டுகிறதா என்று "மக்கா"வில் பாருங்கள். ம-வுக்கு உதடு மூடியே ஆகணும். ஒலி வரும்போது வாய் திறந்திருந்தால் வீடியோவை ஓரிரு ஃப்ரேம் நகர்த்துங்கள்.