பாதி அட்டவணையை முழுசாக்குவது எப்படி? படிக்கட்டில் ஒரு படி தவறாமல்

கேள்வி: கோத்தகிரியில் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு வாடகைக் கணக்கு எழுதுகிறேன். பழைய டைரியில் இருந்த ஊர்களுக்கிடையே தூரப் பட்டியலை எக்செலில் ஏற்றி வைத்திருக்கிறேன். பாதிதான் நிரம்பியிருக்கிறது, படிக்கட்டு மாதிரி. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று போட்டாலும் தூரம் வரும்படி செய்ய வேண்டும். மறுபாதியைக் கையால் அடித்தேன், இரண்டு மூன்று இடத்தில் தப்பாகிவிட்டது. உதகை–குன்னூருக்கு 0 என்றுகூட ஒருமுறை வந்தது.

பதில்: அந்த 0-வில் இருந்தே தொடங்குகிறேன். தப்பு உங்கள் விரலில் இல்லை, டைரியின் படிக்கட்டு வடிவத்தில் இருக்கிறது.

இடம் மிச்சமாகட்டும் என்று டைரிக்காரர்கள் முதல் ஊருக்கு வரிசை போடுவதில்லை, கடைசி ஊருக்குப் பத்தி போடுவதில்லை. ஐந்து ஊரை எடுத்துக்கொண்டால் பட்டியல் இப்படி இருக்கும். கிலோமீட்டர்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும்.

| | உதகை | குன்னூர் | கோத்தகிரி | கூடலூர் |
|---|---|---|---|---|
| குன்னூர் | 19 | | | |
| கோத்தகிரி | 29 | 21 | | |
| கூடலூர் | 51 | 70 | 80 | |
| மேட்டுப்பாளையம் | 52 | 33 | 33 | 103 |

ஊர் ஐந்து. ஆனால் வரிசையும் பத்தியும் நான்கு நான்குதான். இதில் மூலைவிட்டத்தில் நிற்கும் 19, 21, 80, 103 எல்லாம் உண்மையான தூரங்கள். முழு அட்டவணையில் மூலைவிட்டம் என்றால் ஓர் ஊருக்கும் அதே ஊருக்கும் உள்ள தூரம், அதாவது 0. அந்த நினைப்பில் இந்த நான்கு கட்டத்திலும் 0 போட்டால், பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களின் தூரம் நான்கும் போய்விடும். உதகை–குன்னூர் 0 ஆனது அப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, படிக்கட்டைச் சதுரமாக்குவது. தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரிசை செருகி, அதன் முன்னால் ‘உதகை’ என்று எழுதுங்கள். வலது ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்து மேலே ‘மேட்டுப்பாளையம்’ என்று எழுதுங்கள். இப்போது ஐந்துக்கு ஐந்து. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஊர்ப் பெயர்கள் ஒரே வரிசையில் வர வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் மலைக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. ஓரிடத்தில் ஊட்டி, ஓரிடத்தில் உதகை, இன்னோரிடத்தில் உதகமண்டலம் என்று எழுதுவோம். நமக்கு மூன்றும் ஒன்றுதான், எக்செலுக்கு மூன்று வேறு ஊர். ஒரு பெயரை முடிவு செய்து அதையே எங்கும் வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியையும் பார்த்து நீக்கிவிடுங்கள்.

சரி, இனி மறுபாதி. பாதிப் பட்டியல் இருக்கும் தாளுக்கு `Chart` என்று பெயர் வையுங்கள். ஊர்ப் பெயர்கள் A2 முதல் A6 வரையும் B1 முதல் F1 வரையும் இருக்கட்டும், எண்கள் B2:F6-க்குள் வரட்டும். `Full` என்று இன்னொரு தாள் திறந்து, அதே பெயர்களை அதே இடங்களில் ஒட்டி, B2 கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=MAX(Chart!B2, INDEX(Chart!$B$2:$F$6, COLUMNS($B2:B2), ROWS(B$2:B2)))
```

பிறகு F6 வரை இழுத்துவிடுங்கள். இது செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பழைய தாளில் அதே கட்டத்தையும், வரிசையையும் பத்தியையும் மாற்றிப் போட்டால் கிடைக்கும் எதிர்க் கட்டத்தையும் பார்த்து, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்கிறது. ஒன்று காலி, மற்றொன்றில் தூரம் என்பதால் தூரம்தான் வரும். உதகை வரிசையில் மேட்டுப்பாளையம் பத்தியான F2-வில் நின்று பாருங்கள். `Chart` தாளின் F2 காலி, ஆனால் எதிர்க் கட்டமான B6-இல் 52 இருக்கிறது. 52 வந்துவிடும்.

சிலர் பட்டியலையும், அதை `TRANSPOSE` செய்து திருப்பியதையும் கூட்டிவிடுவார்கள். சுத்தமான பட்டியலில் அதுவும் சரியாகவே வரும். ஆனால் நீங்கள் ஏற்கனவே கையால் அடித்த சில கட்டங்கள் மேல்பாதியில் கிடந்தால், அந்தத் தூரங்கள் இரட்டிப்பாகிவிடும். காலி இடத்தில் சிறு கோடு போட்டிருந்தால் `#VALUE!` என்று நிற்கும். மேலே உள்ள சூத்திரத்துக்குக் கோடு ஒரு பொருட்டல்ல.

அதற்கும் ஒரு குறை உண்டு. தூரம் தெரியாத இடத்தில் காலியாக விடாமல் 0 காட்டும். ‘19 கி.மீ.’ என்று எழுத்தோடு சேர்த்து அடித்திருந்தாலும் அதை எண்ணாக எடுக்காமல் 0 காட்டும். கண்டுபிடிப்பது எளிது:

```
=COUNTIF(Full!B2:F6, 0)
```

ஊர் எத்தனையோ அத்தனைதான் வர வேண்டும். இங்கே 5. விடை 7 என்றால், ஒரு ஜோடிக்குத் தூரம் இல்லை என்று பொருள், ஏனென்றால் ஒரு ஜோடி இரண்டு கட்டத்தில் தெரியும்.

0 எல்லாம் சரியான பிறகு, எண்கள் சரியா என்று பார்க்க வேண்டும். டைரியிலிருந்து அடிக்கும்போது 103 என்பது 130 ஆவது சகஜம். இதைப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. நேராகப் போகும் தூரம், இன்னோர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் தூரத்தைவிட அதிகமாக இருக்க முடியாது. மூன்றாவது தாளில், B2-வில்:

```
=Full!B2-MIN(Full!$B2:$F2+TRANSPOSE(Full!B$2:B$6))
```

பழைய எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் என்டருக்குப் பதிலாக Ctrl+Shift+Enter அழுத்துங்கள், பிறகு மற்ற கட்டங்களுக்கு நகலெடுங்கள். எல்லாம் சரியென்றால் முழுக்க 0 வரும். கூடலூர்–மேட்டுப்பாளையத்தை 130 என்று அடித்திருந்தால் அங்கே 27 நிற்கும். கூடலூரிலிருந்து உதகை 51, உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் 52, ஆக 103-இல் முடிகிற பயணத்துக்கு எதற்கு 130 என்று கேட்கிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் வந்தால் விட்டுவிடுங்கள், அது முழு எண்ணாக்கியதால் வருவது.

எண் குறைவாக விழுந்தால் இந்தச் சோதனை வேறு மாதிரி பேசும், அதில்தான் பலரும் குழம்புவார்கள். உதகை–கோத்தகிரி 29-ஐ 9 என்று அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்தக் கட்டத்தில் 0-தான் இருக்கும், குற்றவாளி அமைதியாக உட்கார்ந்திருப்பான். மாறாக, கூடலூர்–கோத்தகிரியில் 20, உதகை–மேட்டுப்பாளையத்தில் 10 என்று நிரபராதிகள் இரண்டு பேர் மாட்டுவார்கள். அந்த இரண்டு பயணத்தையும் குறுக்கிக் காட்டுவது எந்த ஜோடி என்று பார்த்தால், இரண்டுமே உதகை–கோத்தகிரி வழியாகப் போகும். ஒரே ஜோடியில் மீதி வந்தால் பெரும்பாலும் அந்த எண்ணே பெரிது, பல ஜோடிகளில் வந்தால் அவற்றுக்குப் பொதுவான ஓர் எண் சிறிது.

உங்கள் வேலைக்கு முழு அட்டவணையைவிட ஜோடிப் பட்டியல் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வரியில் ஓர் ஊர், இன்னோர் ஊர், தூரம். பில்லோடு சேர்த்துப் பார்க்க அதுதான் எளிது. பவர் குவெரி உள்ள எக்செல் என்றால், சதுரமாக்கிய `Chart` தாளின் மேல்பாதியில் கையால் அடித்தது ஏதும் இருந்தால் அழித்து, A1-இல் ஏதாவது ஒரு தலைப்பு எழுதிவிட்டு, Data மெனுவில் From Table/Range கொடுங்கள். திறக்கும் ஜன்னலில் முதல் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து Unpivot Other Columns என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு Close & Load கொடுங்கள். காலிக் கட்டங்களை அது தானாகவே விட்டுவிடும் என்பதால் 10 வரிகள் மட்டும் வரும். ஊர்களின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைவான எண்ணால் பெருக்கி, பாதியாக்கினால் எத்தனை வரி வர வேண்டும் என்று தெரியும்: ஐந்து நாலு இருபது, அதில் பாதி 10. ஒன்பது வந்தால் ஒரு தூரம் காலியாக இருந்து சத்தமில்லாமல் விழுந்துவிட்டது.

பட்டியலில் ஒவ்வொரு ஜோடியும் ஒரே தடவைதான் இருக்கும். கேட்பவர் எந்த ஊரை முதலில் சொன்னாலும் விடை வர, இரண்டு விதமாகவும் தேடிக் கூட்டினால் போதும். ஊர்கள் A, B பத்திகளில், தூரம் C-இல், நீங்கள் கேட்கும் ஊர்கள் F1, F2-வில் என்று கொண்டால்:

```
=SUMIFS(C:C,A:A,F1,B:B,F2)+SUMIFS(C:C,A:A,F2,B:B,F1)
```

இதுவரை சொன்ன எல்லாமே, போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நம் மலையில் அது எல்லா மாதமும் செல்லாது. கோடை சீசனில் ஒருவழிப் பாதை போடும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற வேண்டும், உதகையிலிருந்து கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். ஏறும்போது 19-உம் 33-உம் சேர்ந்து 52, இறங்கும்போது 29-உம் 33-உம் சேர்ந்து 62. உதகையிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்கும் வண்டிக்கு 52 போட்டால் டிரைவர் உங்களைச் சும்மா விடமாட்டார். கல்லட்டி மலைப்பாதையும் இதே கதைதான். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர்ப் பதிவு வண்டிகள் மசினகுடியிலிருந்து ஏறலாம், உதகையிலிருந்து இறங்க விடுவதில்லை. இறங்குபவர்கள் கூடலூர், தெப்பக்காடு என்று சுற்ற வேண்டும், அது இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதி அட்டவணையில் அடக்க முடியாது. `MAX` சூத்திரம் 52, 62 இரண்டையும் கண்டால் இரு பக்கமும் 62 என்று எழுதிவிடும். இரட்டை `SUMIFS` இன்னும் மோசம், இரண்டையும் கூட்டி 114 என்று சொல்லும். ஆகவே சீசனுக்குத் தனித் தாள் ஒன்று வையுங்கள். பத்து வரியையும் நகலெடுத்து, ஊர்களை இடம் மாற்றி, கீழே ஒட்டி இருபதாக்குங்கள். A பத்தி ‘புறப்படும் ஊர்’, B பத்தி ‘சேரும் ஊர்’. ‘உதகை, மேட்டுப்பாளையம்’ என்ற வரியில் 62 என்று திருத்துங்கள், ‘மேட்டுப்பாளையம், உதகை’ 52 ஆகவே இருக்கட்டும். கூடலூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதும் அதே கணக்கில் 113 ஆகும், குன்னூரிலிருந்து இறங்குவது 21-உம் 33-உம் சேர்ந்து 54. கோத்தகிரிக்கு ஏறுவதையும் மறந்துவிடாதீர்கள், குன்னூர் சுற்றி வருவதால் அதுவும் 54. அந்தத் தாளில் தேடும்போது முதல் `SUMIFS` மட்டும் போதும்:

```
=SUMIFS(C:C,A:A,F1,B:B,F2)
```

F1-இல் புறப்படும் ஊர், F2-வில் சேரும் ஊர். சீசன் முடிந்து இரண்டு பாதையும் திறந்ததும் பழைய தாளுக்குத் திரும்பிவிடலாம்.