கிளை நுனியில் வெள்ளைக் கோடு: பொதியை விடுங்கள், நீலத்தைப் பாருங்கள்

"பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆலமரத்தடியில் ஒரு கலியாண ஜோடியைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தேன். வானம் வெள்ளையாய்ப் போய்விட்டது. போட்டோஷொப்பில் நீல வானம் வைத்தால் சிறு கிளைகளையும் இலைகளையும் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கிறது. லுமினொசிட்டி மாஸ்க் பொதி ஒன்றை ஒருவர் 7500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கினால் சரிவருமா?" (உப்புவெளி வாசகர்)

வாங்க வேண்டாம் தம்பி. அந்தப் பொதிக்குள் இருப்பதன் அடிப்படை உங்கள் போட்டோஷொப்பிலேயே இருக்கிறது. படத்தைத் திறந்து Ctrl+Alt+2 அழுத்துங்கள். வெளிச்சமான இடங்கள், அவற்றின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில் தெரிவாகும். வெள்ளை முழுதாக, சாம்பல் அரைவாசியாக, கறுப்பு இல்லவே இல்லை. அந்தத் தெரிவை மாஸ்க் ஆக்கினால் அதுதான் லுமினொசிட்டி மாஸ்க். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பிய டோனி குய்பர் அதை விளக்கமாக எழுதி வெளியிட்டுப் பல வருடங்களாகிவிட்டன. உங்களுக்கு விற்க வருகிறவர் Brights 1, Brights 2 என்று பெயர் வைத்து அதையே பொத்தானாக்கித் தருகிறார். நேரம் மிச்சம்பிடிக்கிற பொத்தான்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வெள்ளைக் கோட்டை அவை போக்காது. கோடு வருவது மாஸ்க் இல்லாததால் அல்ல.

கிளை நுனியை 400 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். கிளைக்கும் வானத்துக்கும் நடுவில் சுத்தமான எல்லை கிடையாது. பாதி கிளை, பாதி வானம் கலந்த பிக்சல்கள்தான் இருக்கும். ஆலமரத்தின் மெல்லிய குச்சி இரண்டு பிக்சல் அகலம் என்றால், அந்தக் குச்சி முழுவதுமே கலவைதான். அதற்குள் பழைய வெள்ளை வானம் ஊறிக் கிடக்கிறது. நீங்கள் மரத்தை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அந்த வெள்ளையும் கூடவே வரும்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளக்கிறோம். உங்கள் வானம் 250, குச்சி 40, இரண்டும் சரிபாதி கலந்த ஓரப் பிக்சல் 145. புது வானம் 180 என்று வையுங்கள். அப்போது ஓரம் 40க்கும் 180க்கும் நடுவில், 110 அளவில் வரவேண்டும். வானத்தை Normal இல் வைத்து, மாஸ்க்கும் அந்த இடத்தில் அரைவாசியாக இருந்தால், 145இல் பாதியும் 180இல் பாதியும் சேர்ந்து 162 வரும். வரவேண்டியதைவிட ஐம்பது அளவில் கூட. அந்த ஐம்பதுதான் உங்கள் வெள்ளைக் கோடு.

மாற்ற வேண்டியது வானப் படலத்தின் கலப்பு முறையை. Normal ஐ எடுத்துவிட்டு Multiply வையுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நீலக் கண்ணாடி பிடித்தது போல, வெள்ளை இருந்த இடமெல்லாம் நீலமாகும், கறுப்புக் குச்சி கறுப்பாகவே நிற்கும். இதே எண்களைப் போட்டுப் பாருங்கள்: வானம் 176, குச்சி 28, ஓரம் 102. 176க்கும் 28க்கும் சரி நடு 102தான். வானம் வெள்ளையாய் வெளுத்துப்போனது என்று அந்தரப்பட்டீர்களே, இந்த முறைக்கு அதுதான் வசதி.

அப்படியானால் மாஸ்க் எதற்கு? Multiply நீலம் வேட்டியிலும் முகத்திலும் படக்கூடாது, வெயில் பட்ட இலைகளை நீலமாக்கக் கூடாது. அதற்கு மட்டும்தான். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். வகுப்புகளிலும் பிழையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாஸ்க்கின் எல்லை குச்சி ஓரத்தின் நடுவில் விழக்கூடாது. கிளையின் பக்கமாகத் தள்ளி, ஓரப் பிக்சல் முழுவதும் நீலம் படும்படி விடவேண்டும்.

Ctrl+Alt+2 தருவது மூன்று நிறமும் சேர்ந்த வெளிச்சம். மரத்துக்கு அதைவிட நீலச் சனல் மட்டும் நல்லது. இலை நீல ஒளியைப் பெருமளவு உறிஞ்சிவிடும், அதனால் வெயிலில் மஞ்சள் பச்சையாய் மினுங்குகிற இலைகூட நீலச் சனலில் கறுப்பாக இருக்கும். வானமோ அங்கே வெள்ளை. Channels பலகத்தில் Red, Green, Blue மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் குத்தும்.

வானப் படலத்தை மறைத்துவிட்டு, F8 அழுத்தி Info பலகத்தைத் திறந்து, மௌசை இலை மேலும் கிளை ஓரத்திலும் வானத்திலும் கொண்டுபோய் B எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படம் போன்ற ஒன்றில் இலை 50க்குக் கீழே, ஓரம் 140 அளவில் இருக்கும் என்று வைப்போம். Blue மீது வலது சொடுக்கி Duplicate Channel கொடுங்கள். நகலில்தான் வேலை. மூலச் சனலில் கைவைத்தால் படத்தின் நிறமே மாறிவிடும். நகலில் Ctrl+L திறந்து இடது பெட்டியில் 50, வலது பெட்டியில் 140. இலைகள் கறுப்பு, வானமும் ஓரங்களும் வெள்ளை. இரண்டு எண்களையும் இன்னும் நெருக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும். 100 வீதத்தில் பார்க்கும்போது குச்சியின் இருபுறமும் கொஞ்சமாவது சாம்பல் இருக்கவேண்டும். வெறும் கறுப்பும் வெள்ளையும்தான் தெரிகிறதென்றால் கூடிவிட்டது, பின்னால் எடுங்கள்.

வேட்டி, முத்துமாலை, வெயில் விழுந்த நிலம் எல்லாம் இந்த நகலில் வெள்ளையாக நிற்கும். அவற்றைக் கறுப்புப் பிரஷால் சும்மா பூசி மூடுங்கள். இலைக்கூட்டத்துக்குள் மட்டும் பிரஷின் Mode ஐ Overlay ஆக்கிவிட்டுப் பூசுங்கள். அப்போது சாம்பல் கறுக்கும், சுத்த வெள்ளை தொடப்படாது. ஆலிலை மினுமினுப்பானது, வானத்தைத் திருப்பிக் காட்டி நகலில் வெள்ளைப் புள்ளியாய் நிற்கும். அதை மட்டும் பிரஷின் Mode ஐ மறுபடி Normal ஆக்கி அடக்கலாம். சிலதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை, அங்கே கொஞ்சம் நீலம் விழுந்தால் இயல்பாகவே இருக்கும்.

பிறகு Ctrl ஐப் பிடித்தபடி Blue copy இன் சிறுபடத்தைச் சொடுக்கி, மறைத்த வானப் படலத்தைத் திரும்பக் காட்டி, அதற்குப் போய் Add layer mask பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான். Feather, Defringe ஒன்றும் தேவைப்படாது. மினக்கெட்டு வெட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

இனி நான் உண்மையில் சொல்லவந்தது. இந்த வேலையை நீங்களே செய்யாமல், எடிட்டிங் எடுத்துத் தருகிறேன் என்று வருகிற தரகர்களிடம் கொடுக்காதீர்கள். படத்துக்கு இவ்வளவு என்று உங்களிடம் வாங்கி, அதில் கால்வாசிக்கு வேறெங்கோ ஒரு பொடியனிடம் தள்ளிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்வார்கள், அங்கேதான் கதை முடிகிறது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். அப்படிச் சுருக்கிய JPEG வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிச் சேமிக்கிறது. சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாது. நீலச் சனலை மட்டும் திறந்தால் கிளைகளைச் சுற்றிச் சதுரம் சதுரமாய்க் கட்டைகள் நிற்கும். அதிலிருந்து எடுத்த மாஸ்க்கில் எந்த வித்தகரும் சுத்தமான ஓரம் காட்டமுடியாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் Document ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். கையில் இருப்பதே அப்படியான JPEG என்றால் நீலச் சனலை மறந்துவிட்டு Ctrl+Alt+2 ஐயே பாவியுங்கள். வெளிச்சம் அதில் முழுசாக இருப்பதால் ஓரம் ஓரளவு தப்பும்.

RAW கோப்பைத் தரகருக்குத் தரவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அதைத் திறக்கும்போது Remove Chromatic Aberration ஐத் தட்டிவிட்டால் கிளை ஓரத்துச் சிவப்பு, பச்சை நிறக் கோடு பெரும்பாலும் முதலிலேயே போய்விடும். மூன்று நாளில் அல்பம் கேட்கிற லாப்புக்கு இதெல்லாம் கணக்கில்லை. JPEG தா, காசு தா, அடுத்த ஆள் வா. டிப்ளோமா வகுப்புகளும் இன்னும் Magic Wand ஐத்தான் ஒரு மாதம் படிப்பிக்கின்றன, கடைசியில் சான்றிதழ் மட்டும் பளபளப்பாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் திருகோணமலைக்காரருக்கு அது நாளாந்தம் வரும். கோணேசர் மலையில் விடியற்காலை எடுக்கிற படங்களில் இந்த நீலச் சனல் முறை தலைகீழாகிவிடும். கிழக்குக் கடலுக்கு மேலே சூரியன் எழும்பும்போது வானம் செம்மஞ்சள். செம்மஞ்சளில் சிவப்பு நிறைய, பச்சை கொஞ்சம், நீலம் மிகக் குறைவு. ஆக நீலச் சனலில் வானமும் கறுப்பு, இலையும் கறுப்பு, பிரிக்க ஒன்றும் இல்லை. சூரியனுக்குக் கிட்டவுள்ள இடம் மட்டும் பிளந்த மாதிரி வெள்ளையாய் நிற்கும். அதைப் பார்த்து Levels ஐ இழுத்து இழுத்துப் புள்ளி புள்ளியாய் இரைச்சல் கிளப்பிவிட்டுத்தான் மென்பொருளைத் திட்டுகிறார்கள். அங்கே Red ஐத் திறவுங்கள். வானம் வெள்ளை, நிழலில் நிற்கிற இலை கறுப்பு. மற்றப் படிகள் எல்லாம் அப்படியே. ஆனால் அந்த வானத்தின் மேல் நீலத்தை Multiply பண்ணாதீர்கள். செம்மஞ்சளும் நீலமும் பெருகினால் சேற்று நிறம்தான் வரும். விடியல் வானத்தை மாற்றவே தேவையில்லை. Red நகலைத் தெரிவாக்கி அதன்மேல் ஒரு Curves படலம் போட்டு, நடுப்பகுதியைச் சற்றுக் கீழே இழுத்தால் வானம் தானாக ஆழமாகும், கிளை அசையாது. மலையில் சூரியோதயத்தில் எடுத்துவிட்டு "நீல வானம் வைத்துத் தாங்கோ" என்று கேட்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

உங்கள் கோட்டைப் படத்தில் கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். மாஸ்க் போடுமுன் நீலச் சனலில் உச்சிக் குச்சிகளைத் தொடர்ந்து பாருங்கள். ஒரு குச்சி நடுவில் அறுந்து, மறுபடி ஒரு துண்டாய்த் தொடங்கினால், வெளிச்சம் கூடி வானம் அதைத் தின்றுவிட்டது. அதை எந்த மாஸ்க்கும் திருப்பித் தராது. வானம் வைத்தாலும் இலைகள் காம்பில்லாமல் மிதக்கும். அந்த இடத்தை வெட்டி ஒதுக்குங்கள், அல்லது ஜோடி சம்மதித்தால் அதே மரத்தடியில் RAW இல், வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டொப் குறைத்து மறுபடி எடுங்கள். நிழலில் உள்ள முகத்தை RAW இலிருந்து பிறகு தூக்கலாம்.