இரண்டு நாடுகள் சம்மதித்தால் போதுமா? ஜஸ் கோஜன்ஸ் பற்றிக் கேள்வி பதில்

சட்ட மாணவி ஒருவர்: இரண்டு அரசுகளும் மனமொப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அது செல்லாது என்று சொல்ல வெளியாருக்கு என்ன உரிமை?

பெரும்பாலான விஷயங்களில் எந்த உரிமையும் இல்லை. வரியோ, விமானப் பாதையோ, மீன்பிடி எல்லையோ, இருவரும் பேசி முடித்ததுதான் அவர்களுக்குச் சட்டம். ஆனால் சம்மதம் எட்டாத சில இடங்கள் உண்டு. எந்த நாடும் பேரம் பேசி விலக முடியாத அந்த நெறிகளுக்குத்தான் ஜஸ் கோஜன்ஸ் என்று பெயர்.

ஒரு பழைய தாளைக் காட்டுகிறேன். 1762இல் சுரினாமில் டச்சுக்காரர்களும் சரமாக்கா மக்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சரமாக்கர்கள் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகளின் வழித்தோன்றல்கள். இனிமேல் தப்பி வருகிறவர்களை அவர்களே பிடித்து ஆளுநரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. தலைக்கு 10 முதல் 50 ஃப்ளோரின் கூலி. பிடித்த இடம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

இந்தத் தாள் 1993இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்கு வந்தது. அடிமைகளைத் திருப்பிக் கேட்டு யாரும் அதைக் கொண்டுவரவில்லை. சுரினாம் ராணுவத்தினரால் கொல்லப்பட்ட சரமாக்கர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கு அது. அந்தச் சமூகத்துக்குத் தன்னாட்சி உண்டு, தனி மரபுச் சட்டம் உண்டு என்று காட்ட, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற தரப்பே அதை மேற்கோள் காட்டியது. நீதிமன்றம் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, இது சர்வதேச உடன்படிக்கைதானா என்று ஆராயக்கூடத் தேவையில்லை என்றது. அப்படியே இருந்தாலும் இன்று அது செல்லாது, மனித உரிமை நீதிமன்றத்தில் இதைக் காட்டி எதையும் கேட்க முடியாது என்று ஒதுக்கியது.

1762இல் அடிமை வணிகத்தை எந்தச் சர்வதேச விதியும் தடுக்கவில்லை. பின்னால் வந்த நெறி முன்னால் போட்ட உடன்படிக்கையைச் சாய்த்துவிட்டது. உடன்படிக்கைகளுக்கான சட்டத்தை வகுத்த 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 64ஆம் உறுப்பு சொல்வது இதைத்தான். போடும்போதே மோதினால் பிறக்கும்போதே செல்லாது என்பது 53ஆம் உறுப்பு.

வணிகத் துறையில் இருப்பவர்: ஆக, ஏமாற்றியும் மிரட்டியும் வாங்கிய அநியாயமான உடன்படிக்கைகள் எல்லாம் ஜஸ் கோஜன்ஸ்படி செல்லாது. சரிதானே?

முடிவில் பாதி சரி, காரணம் வேறு. படைபலத்தைக் காட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது. அதற்கு 52ஆம் உறுப்பு தனியாக இருக்கிறது. ஏமாற்றுக்கு 49ஆம் உறுப்பு. இரண்டுமே சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்று பார்ப்பவை. ஜஸ் கோஜன்ஸ் பார்ப்பது உள்ளடக்கத்தை. இருவரும் முழு மனதோடு, சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாலும் அது குறுக்கே நிற்கும்.

அநியாயமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரு பக்கத்துக்கு மோசமான பேரம் பேரமாகவே நிற்கும். ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஆணையம் 2022இல் எட்டு நெறிகளைச் சொன்னது. ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றுக்கான தடைகளும் சுயநிர்ணய உரிமையும் அவற்றில் அடக்கம். அதோடு பட்டியல் முடிந்தது என்று ஆணையம் சொல்லவில்லை. ஆனாலும் புதிதாக ஒன்று நுழைவது எளிதல்ல. நாடுகளின் சமூகம் ஒட்டுமொத்தமாக, ‘இதில் விலக்கே கிடையாது’ என்று ஏற்றிருக்க வேண்டும்.

பெயர் சொல்லாத ஒருவர்: எர்கா ஓம்னஸ் என்பதும் இதேதானே? ஒன்றுக்கு இரண்டு பெயர் எதற்கு?

நெறிகள் பெரும்பாலும் ஒன்றே, கேள்விகள் வேறு. ஜஸ் கோஜன்ஸ், எதைப் பேரம் பேசக் கூடாது என்கிறது. எர்கா ஓம்னஸ், அந்தக் கடமை யாருக்குப் பட்டது என்கிறது. எல்லா நாடுகளுக்கும் பட்டது என்றால், நேரடியாக அடிபடாத நாடும் ‘இது என் விவகாரம்’ என்று எழுந்து கேட்கலாம். 1970இல் பார்சலோனா டிராக்‌ஷன் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதைச் சொன்னது. எழுந்து கேட்பதற்கும் நீதிமன்றப் படியேறுவதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் திமோர் வழக்கு.

அதே மாணவி: திமோர் வழக்கில் என்னதான் நடந்தது?

1972இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கடலடி எல்லையைப் பிரித்துக்கொண்டபோது, போர்ச்சுகல் வசமிருந்த கிழக்குத் திமோருக்கு எதிரே ஓர் இடைவெளி விட்டுப்போனது. அதற்குள் எண்ணெயும் எரிவாயுவும். 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் படையை அனுப்பியது. வெளியேறச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது. இந்தோனேசியா வெளியேறவில்லை. 1989 டிசம்பர் 11 அன்று, திமோர் கடலுக்கு மேல் பறந்த விமானத்தில், இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அந்த இடைவெளியைப் பகிரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நடுப்பகுதி வருமானம் ஆளுக்குப் பாதி. கீழே இருந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

சம்மதம் தந்த இரண்டு பேருக்கும் திருப்தி. செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அவர்களில் ஒருவர் மனுப் போடப்போவதில்லை. வியன்னா உடன்படிக்கையின் 66ஆம் உறுப்பு காட்டும் வழியும் வெளியாருக்கானதல்ல. எனவே 1991இல் போர்ச்சுகல், ஐ.நா. பார்வையில் இன்னும் தானே நிர்வாகி என்ற நிலையில், ஆஸ்திரேலியா மீது மட்டும் வழக்குப் போட்டது. இந்தோனேசியா நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காததால் அதை இழுக்க முடியவில்லை.

1995 ஜூன் 30இல் தீர்ப்பு. சுயநிர்ணய உரிமை எர்கா ஓம்னஸ் தன்மை உடையது என்ற வாதத்தில் குறை காண முடியாது என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. உடனே அடுத்த அடி: நெறியின் தன்மை வேறு, வழக்கை விசாரிக்கச் சம்மதம் வேண்டும் என்பது வேறு. ஆஸ்திரேலியா செய்தது தவறா என்று பார்க்க, முதலில் இந்தோனேசியாவுக்கு அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமை இருந்ததா என்று பார்க்க வேண்டும். அறையில் இல்லாத நாட்டைப் பற்றி அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. 14க்கு 2 என்று வழக்கு முடிந்தது. உடன்படிக்கை செல்லுமா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை.

சர்வதேச வழக்குகளில் வேலை பார்த்தவர்: தீர்ப்பை ரொம்ப லேசாக ஏற்றுக்கொள்கிறீர்கள். நீதிபதி வீரமந்திரியின் மாறுபட்ட தீர்ப்பைப் படித்தீர்களா?

படித்தேன். என் மனமும் அவர் பக்கம்தான். ஆஸ்திரேலியா தன் கையால் கையெழுத்திட்டது, அந்தச் செயலை மட்டும் தனியே எடை போட்டிருக்கலாம் என்கிறார் அவர். இந்தோனேசியப் படை நுழைந்ததைப் பற்றி ஐ.நா. ஏற்கெனவே சொல்லியிருந்தது, நீதிமன்றம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரும்பான்மை வைத்த கதவு இன்னும் அப்படியே நிற்கிறது. 2006இல் காங்கோ ருவாண்டா மீது போட்ட வழக்கிலும், ஜஸ் கோஜன்ஸ் என்பதால் மட்டும் தனக்கு அதிகாரம் வந்துவிடாது என்றது நீதிமன்றம். இந்த இடத்தில் எனக்கு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

மொழிபெயர்ப்பாளர்: குற்றவாளிகளை ஒப்படைக்கும் கோப்புகளை மொழிபெயர்க்கிறேன். கேட்கும் நாட்டில் சித்திரவதை நடக்கிறது என்று ஒரு கோப்பில் இருந்தது. அப்போது அந்த உடன்படிக்கையே செல்லாதா?

செல்லும். ‘ஒப்படை’ என்று சொல்லும் உடன்படிக்கையின் நோக்கம் சித்திரவதை அல்ல. அந்த ஒருவர் விஷயத்தில் ஒப்படைக்கும் கடமை வழிவிட வேண்டும், அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பு அதை நேராகவே தடுக்கிறது. சித்திரவதைத் தடை ஜஸ் கோஜன்ஸ் என்பதில் சண்டை இல்லை. சித்திரவதைக்கு இடமாகும் நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே உயரத்தில் நிற்கிறதா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

பெயர் சொல்லாத அதே நபர்: கடைசியில் எந்த நீதிமன்றமும் அந்தத் திமோர் உடன்படிக்கையைக் கிழிக்கவில்லை. அப்புறம் என்ன பயன்?

கிழிக்கவில்லை, உண்மை. சர்வதேச நீதிமன்றம் இதுவரை எந்த உடன்படிக்கையையும் 53ஆம் உறுப்பின்படி செல்லாது என்று அறிவித்ததில்லை. ஆனால் கிழக்குத் திமோர் மக்கள் விடுதலையைத் தேர்ந்தெடுத்த 1999 வாக்கெடுப்புக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். எண்ணெய் வேலை நிற்கக் கூடாது என்று ஐ.நா. நிர்வாகம் பழைய உடன்படிக்கையின் ஏற்பாடுகளைத் தற்காலிகமாகத் தொடர்ந்தது. தொடரும்போதே, இந்தோனேசிய இணைப்பை இதன்மூலம் ஏற்கவில்லை என்று எழுதிவைத்தது. 2002 மே 20, விடுதலை நாளிலேயே புது உடன்படிக்கை. கூட்டுப் பகுதியின் பங்கு பாதிக்குப் பாதியிலிருந்து திமோருக்கு 90, ஆஸ்திரேலியாவுக்கு 10 என்று மாறியது. நிரந்தரக் கடல் எல்லைக்கு 2018 மார்ச் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முறை கையெழுத்திட்டது திமோர் அரசு.