செமஸ்டர் அசைன்மென்ட்டுகள் ஒரே அட்டவணையில்

ஐந்து பாட அசைன்மென்ட்டுகளின் கடைசித் தேதிகளை ஒரே இடத்தில் எப்படிக் கண்காணிப்பது?

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, கடைசித் தேதி, மதிப்பெண், தேவைப்படும் மணிநேரம் மூன்றையும் எழுதுங்கள். ஆனால் வரிசைப்படுத்துவது தொடங்கும் தேதிப்படி. ரயில் புறப்படும் நேரம் தெரிந்தால் போதுமா, நாம் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும் தெரிய வேண்டாமா?

10ஆம் தேதிக்கு 5 மதிப்பெண் பயிற்சி, 2 மணிநேர வேலை. 14ஆம் தேதிக்கு 20 மதிப்பெண் அறிக்கை, 18 மணிநேரம். தினம் 2 மணிநேரம்தான் கிடைக்கும் என்றால் இரண்டுக்கும் 10 நாள், அதாவது 13ஆம் தேதிக்குள் முடிக்க 4ஆம் தேதியே ஆரம்பித்தாக வேண்டும். பயிற்சியை 9ஆம் தேதி முடித்துவிட்டு அப்புறம் அறிக்கையைத் தொட்டால் மிஞ்சுவது 8 மணிநேரம்தான்.

அதிக மதிப்பெண் உள்ளதை முதலில் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; வரிசையை முடிவு செய்வது தேதியும் மணிநேரமும்தான், மதிப்பெண் உதவுவது நேரம் போதாதபோது எதைச் சுருக்கலாம் என்று பார்க்க.