12/47 நிஜமா, தற்செயலா?

கேள்வி: வண்ணாரப்பேட்டையிலிருந்து கேட்கிறேன். நிஃப்டியில் 12 நாள், 47 நாள் விலைச் சராசரிகள் ஒன்றையொன்று வெட்டும்போது வாங்கி விற்கும் உத்தி, பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டில் அருமையாக வருகிறது. நம்பலாமா?

பதில்: முதலில் குறுகிய சராசரியை 5 முதல் 25 வரை, நீண்டதை 30 முதல் 80 வரை மாற்றி, செலவு கழித்த ஷார்ப் விகிதத்தை, அதாவது ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபத்தை, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கட்டமாக, நல்லது பச்சை, மோசமானது சிவப்பு என நிறமிட்டுப் பாருங்கள். 10/40, 15/55 கூட ஏறக்குறைய அதே நிறமென்றால் நல்ல அறிகுறி. 12/47 மட்டும் பச்சை, சுற்றிலும் சிவப்பு என்றால், அது எம்.சி. ரோட்டில் ஒருவருக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை. பழைய விலைகளின் இரைச்சலுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் அகலமான பச்சையும் ஏமாற்றும். பக்கத்துக் கட்டங்கள் பெரும்பாலும் அதே டிரேடுகளைத்தான் எடுக்கின்றன. 2020 ஏற்றம் போன்ற ஒரே நகர்வு வட்டாரம் முழுவதையும் பச்சையாக்கிவிடலாம். அதனால் காலத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி வரைபடம் போடுங்கள். பச்சை வேறிடத்துக்கு ஓடினால் விட்டுவிடுங்கள். அதே இடத்தில் நின்றால், உச்சக் கட்டத்தை அல்ல, பச்சைப் பகுதியின் நடுவை எடுங்கள். லாபம் கொஞ்சம் குறைவாகத் தெரியும், பரவாயில்லை.